பத்தாயிரம் ரூபாயும் மூன்று கடிதங்களும்

2022 ஜூன் 3-ஆம் தேதி சாயங்காலம், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்கப் போனேன். இயந்திரத்துக்குள் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. பணம் வரவில்லை. கணக்கில் 10,000 கழிந்ததாகக் கைபேசிக்குச் செய்தி மட்டும் வந்தது. அது வேறொரு வங்கியின் இயந்திரம். என் கணக்கு இருக்கும் கிளைக்குப் போய்க் கேட்டேன். இரண்டு மூன்று நாளில் தானாகத் திரும்ப வந்துவிடும் என்றார்கள். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை.

ஜூன் 10-ஆம் தேதி கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பொருள்: உதவி வேண்டி விண்ணப்பம். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தங்கள் வங்கியில் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் எளிய வாடிக்கையாளர். தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவர விரும்புவது என்னவென்றால், சில நாட்களுக்கு முன் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க முயன்றபோது பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. இதனால் மிகவும் சிரமப்படுகிறேன். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த உதவியை என்றும் மறக்கமாட்டேன்."

எழுதும்போது இதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் கை இப்படித்தான் ஆரம்பிக்கும். டெல்லிக்கு வந்த பிறகு என் மகன் பள்ளியில் இந்தியில் எழுதும் விண்ணப்பத்தைப் பார்த்தேன். அதுவும் 'சவிநய நிவேதன் ஹை கி' என்றுதான் தொடங்கியது. அதாவது 'பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்'. தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் குழந்தைகளுக்கு ஒரே வாசலைத்தான் காட்டியிருக்கிறோம்.

பதினேழு நாள் எந்தப் பதிலும் இல்லை. எங்கள் மாடியில் தஞ்சாவூர்க்கார அக்கா ஒருவர் இருக்கிறார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். பொதுமக்களிடமிருந்து வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். அவரிடம் கடிதத்தின் நகலைக் காட்டினேன்.

அக்கா ஒரு பென்சிலை எடுத்தார். "வேலைக்கு ஆகிற வரிக்கு மட்டும் கோடு போடறேன், பாத்துக்கோ" என்றார். முதல் வரியைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவதில் பாதி வரை வந்து, 'பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது' என்ற இடத்தில் மட்டும் மெல்லிசாகக் கோடு இழுத்தார். அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"எவ்வளவு பணம்னு எழுதலை. எந்தத் தேதின்னு எழுதலை. எந்த மெஷின்னு இல்லை. என்ன வேணும்னும் கேக்கலை."

"ஆவன செய்யச் சொல்லி எழுதியிருக்கேனேக்கா."

"ஆவனன்னா என்ன? அதை அவங்கதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணுமா?"

அவர் அன்று சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய திறப்பு. ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால், அதைப் பிரிப்பவர் முழுக்கப் படித்து மனம் இரங்கிக்கொண்டிருக்க மாட்டார். பொருள் வரியைப் பார்ப்பார், ஒரு எண் போடுவார், அது எந்த 'சீட்'டுக்கு, அதாவது எந்த ஊழியரின் மேஜைக்குப் போகவேண்டும் என்று குறிப்பார். "உதவிக்குன்னு ஒரு சீட் கிடையாதும்மா. புகாருக்கு இருக்கு. நீ உதவின்னு எழுதினா அது யாருக்கும் போகாம மேஜையிலயே கிடக்கும்."

'புகார்' என்ற சொல்லை எழுதவே எனக்குக் கூச்சமாக இருந்தது. யார் மீதோ சண்டைக்குப் போவது போலத் தோன்றியது. ஆனால் வங்கி விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு நடைமுறை வேலை இருக்கிறது. வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளாகியும் பதிலே வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அப்படிப் போவதற்கு, முதலில் வங்கியிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். நான் எழுதியது உதவி கேட்ட விண்ணப்பம். பதினேழு நாள் காத்திருந்தும், புகார் கொடுத்ததற்கான எண்ணோ முத்திரையோ என்னிடம் இல்லை.

அன்று ராத்திரி கோபத்தோடு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். 'இந்த அலட்சியத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. உடனடியாகப் பணத்தைத் தராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பேன்' என்று போனது. தாழ்மையை விட்டுவிட்டேன், இப்போது தைரியமாக எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அக்காவிடம் காட்டினேன். அவர் அதே பென்சிலை எடுத்தார். இந்த முறையும் கோடு விழுந்தது ஒரே இடத்தில்தான்.

"அன்னைக்கு முதல் பாரா முழுக்க உன்னைப் பத்தி எழுதின, நான் எளியவள்னு. இன்னைக்கும் உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்க, எனக்குக் கோவம்னு. பணத்தைப் பத்தி எப்ப எழுதப் போற?"

இரண்டு கடிதத்திலும் ஒரே குறைதான் என்று அப்போதுதான் புரிந்தது. அதிகப் பணிவும் மிரட்டலும் படிப்பவரின் மனநிலையைப் பிடித்து இழுக்கப் பார்க்கின்றன. ஒன்று இரக்கத்தைக் கேட்கிறது, மற்றது பயத்தை. இரண்டிலும் நடந்தது என்ன, வேண்டியது என்ன என்பது பின்னால் போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'தாழ்மையுடன்' என்பதை மட்டும் அடித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் முரட்டுத்தனம்தான்.

அக்கா ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கியே அதைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே தரவேண்டியது. என் விஷயத்தில் கடைசி நாள் ஜூன் 8. நான் கருணை கூர்ந்து என்று எழுதிய ஜூன் 10-ஆம் தேதியன்றே கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நீ கடன் கேக்கலைம்மா. உன் பணத்தைக் கேக்கற" என்றார் அக்கா.

எழுத உட்காருமுன் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். நான் கேட்பது அவர் மனது வைத்தால் கிடைப்பதா, அல்லது விதிப்படி எனக்கு வரவேண்டியதா? மனது வைத்துத் தரக்கூடியது என்றால் 'கேட்டுக்கொள்கிறேன்' பொருத்தம். வரவேண்டியது என்றால் அந்தச் சொல்லே விஷயத்தைத் திரித்துவிடுகிறது. என் உரிமையை நானே அவருடைய தயவாக மாற்றி எழுதிக் கொடுக்கிறேன். தயவு என்று எழுதியதை அவசரமில்லை என்று ஒருவர் ஒதுக்கி வைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

ஜூன் 27-ஆம் தேதி கொடுத்த கடிதம் இது. இதையும் தமிழில் தருகிறேன்:

"பொருள்: புகார் - 03.06.2022 அன்று ஏ.டி.எம்.மில் வராத ரூ.10,000-ஐத் திரும்ப வரவு வைப்பது குறித்து.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

03.06.2022 மாலை 6.40-க்கு மயூர் விஹாரில் உள்ள ஏ.டி.எம்.மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. என் கணக்கில் ரூ.10,000 கழிக்கப்பட்டுள்ளது. இயந்திரத்தின் எண், பரிவர்த்தனை எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவை கீழே உள்ளன. கணக்கு அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.

ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி இந்தத் தொகை 08.06.2022-க்குள் வரவு வைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை வரவில்லை.

ரூ.10,000-ஐயும், 09.06.2022 முதல் வரவு வைக்கும் நாள்வரை நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீட்டையும் என் கணக்கில் வரவு வையுங்கள். இந்தப் புகாருக்கான எண்ணையும் தெரிவியுங்கள். கூடுதல் விவரம் தேவைப்பட்டால் கீழுள்ள எண்ணில் அழைக்கலாம்.

நன்றி."

இதில் மரியாதைக் குறைவாக ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'மதிப்பிற்குரிய', 'அவர்களுக்கு' இருக்கின்றன. 'வையுங்கள்', 'தெரிவியுங்கள்' என்ற வினைகளிலேயே பன்மை மரியாதை இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தில் அந்த இடத்தில் 'ப்ளீஸ்' என்று போட்டேன். யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. படிப்பவர் எதையும் தேடவேண்டியதில்லை. வங்கி அந்த இயந்திரத்தின் பதிவை எடுத்துப் பார்க்கத் தேதி, நேரம், எண் எல்லாம் வேண்டும். அவற்றை நானே எடுத்துக் கொடுத்தது, 'தங்கள் பொன்னான நேரம்' என்று எழுதுவதைவிட அவர் நேரத்துக்குக் கொடுத்த உண்மையான மதிப்பு. (அட்டையின் முழு எண்ணையும் ரகசிய எண்ணையும் எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது. கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.)

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். முகப்பில் இருந்த பெண் பொருள் வரியைப் பார்த்தார், கணினியில் ஏதோ தட்டினார், புகார் எண்ணை எழுதிக் கொடுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம்.

ஜூலை 5-ஆம் தேதி பத்தாயிரம் வந்தது. இழப்பீடு வரவில்லை. இங்கேதான் பழைய கை மறுபடி தலைகாட்டியது. பணம்தான் வந்துவிட்டதே, போதும், மேலும் கேட்டால் பேராசை என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. எழுதினாலும் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்றுதான் ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு, நிஜமாகவே நடந்த ஒரு நல்ல விஷயத்தில் தொடங்கினேன்: "ரூ.10,000 இம்மாதம் 5-ஆம் தேதி என் கணக்கில் வரவாகியுள்ளது. நன்றி. ஜூன் 9 முதல் ஜூலை 5 வரையிலான 27 நாட்களுக்கு ரூ.2,700 இழப்பீடு இன்னும் வரவில்லை. அதையும் வரவு வையுங்கள்." புகார் எண்ணை மேலே போட்டேன். ஜூலை 14-ஆம் தேதி 2,700 ரூபாய் வந்தது.

ஒழுங்காக எழுதினால் எப்போதும் இப்படி நடந்துவிடும் என்று சொல்லமாட்டேன். என் பக்கம் தெளிவான விதி ஒன்று இருந்தது, அது உதவியது. பணம் வராமலே போயிருந்தாலும் ஜூன் 27-ஆம் தேதிக் கடிதமும் முத்திரையும் இருந்ததால் cms.rbi.org.in தளத்தில் அடுத்த படிக்குப் போயிருக்க முடியும். முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன எழுதியிருப்பேன் என்றே தெரியவில்லை.

இதற்கெல்லாம் பிறகு, நாம் ஏன் ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்வளவு குனிகிறோம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றிய காரணம் இது. தமிழில் 'நீங்கள்' என்று சொன்னாலே பாதி மரியாதை வந்துவிடுகிறது. இந்தியில் 'ஆப்' இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. நம் காதுக்கு அது 'நீ' மாதிரி கேட்கிறது. மேலதிகாரியை 'நீ' என்று சொல்லிவிட்டோமோ என்ற பதற்றத்தில் முன்னால் ஒரு 'ஹம்ப்ளி', நடுவில் ஒரு 'கைண்ட்லி', பின்னால் ஒரு 'எஸ்டீம்ட்' என்று அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவருக்கு அங்கே எந்தப் பள்ளமும் தெரிவதில்லை. நாம் கொட்டிய மண் மேடுதான் தெரிகிறது. ஒரு 'ப்ளீஸ்', கடைசியில் ஒரு 'தேங்க் யூ', பெயரும் பதவியும் சரியாக இருந்தால் அந்த மொழியில் மரியாதை நிறைந்துவிடுகிறது. அதனால் 'ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி' என்று வரும் இடத்தில் நான் இப்போது வெறுமனே 'ப்ளீஸ்' போட்டு நேராக வினைக்குப் போய்விடுகிறேன்.

தமிழில் எழுதும்போது கவனம் வேறு இடத்தில் வேண்டும். 'அனுப்பவும்' என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. 'செருப்பை வெளியே விடவும்' என்பது மாதிரி. ஒரு தனி மனிதருக்கு எழுதும்போது அது வெடுக்கென்று விழும். 'அனுப்பித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பது மறுகோடி. இடையில் 'அனுப்புங்கள்', 'அனுப்ப வேண்டுகிறேன்' என்ற இரண்டும் இருக்கின்றன. உரிமையாக வரவேண்டியதற்கு முதலாவதும், அவர் முடிவெடுக்க வேண்டியதற்கு இரண்டாவதும் எனக்குச் சரியாக வருகின்றன. 'தாங்கள்', 'தங்கள்' போட்டால் மரியாதை அதிலேயே வந்துவிட்டது. அதன் மேல் 'கருணை கூர்ந்து' வேண்டியதில்லை.

அலுவலக மின்னஞ்சல்களிலும் மாற்றிக்கொண்டேன். முன்பு விடுப்புக்கு 'எனக்கு நான்கு நாள் விடுப்பு தந்து உதவுமாறு தாழ்மையுடன்' என்ற பொருளில் எழுதுவேன். இப்போது 'அக்டோபர் 11 முதல் 14 வரை விடுப்பு எடுக்க விரும்புகிறேன். மாதக் கணக்கை 10-ஆம் தேதியே முடித்துவிடுவேன். அந்த நாட்களில் அவசரம் என்றால் இன்னாரிடம் கேட்கலாம். உங்கள் ஒப்புதலைத் தெரிவியுங்கள்' என்று எழுதுகிறேன். முடிவு அவர் கையில்தான் என்பதைக் கடைசி வரி சொல்லிவிடுகிறது.

பணிவான தொடக்கம் நிஜமாகவே பொருந்தும் இடங்களும் உண்டு. நீதிமன்ற மனுக்களில் அந்த வாசகங்கள் வழக்கமான வடிவத்தின் பகுதி. அதில் கைவைக்காமல் வக்கீலிடம் விட்டுவிட வேண்டும். தவறு நம் பக்கம் இருக்கும்போதும் தாழ்ந்து எழுதுவதுதான் நியாயம். மகனின் தேர்வுக் கட்டணத்தை ஒருமுறை கெடு தாண்டிக் கட்ட நேர்ந்தது. அப்போது 'கடைசித் தேதியைத் தவறவிட்டது என் பிழை, மன்னிக்க வேண்டுகிறேன்' என்று ஒரே வரி எழுதி, உடனே, 'தாமதக் கட்டணத்தோடு நாளை செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று முடித்தேன். மன்னிப்பு ஒருமுறைதான். மூன்று முறை கேட்டால் அது சடங்காகிவிடும்.

எழுதி முடித்ததும் இரண்டு காரியம் செய்வேன். முதல் வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படிப்பேன். எதுவும் குறையவில்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவேன். அப்புறம் பொருள் வரியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படிப்பேன். அவற்றை வைத்தே ஒருவர் வேலையைத் தொடங்க முடியுமா என்று பார்ப்பேன். முடியாவிட்டால் வேண்டியதை நான் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

போன மாதம் மதுரையிலிருந்து அம்மா கூப்பிட்டார். ரேஷன் அட்டையில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறதாம், வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதித் தரச் சொன்னார். அவரே வாக்கியத்தையும் சொல்ல ஆரம்பித்தார்: "உயர்திரு ஐயா அவர்களின் சமூகத்திற்குத் தாழ்மையுடன்னு போடு."

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அட்டை எண், இப்போது இருக்கும் பெயர், இருக்கவேண்டிய பெயர், ஆதார் நகல் இணைப்பு, திருத்தித் தாருங்கள், நன்றி. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதிகாரிக்கு எழுதறோம். மரியாதை இருக்கணுமில்ல?"

"'உயர்திரு' போட்டிருக்கேன்மா. 'தாருங்கள்'னுதான் எழுதியிருக்கேன்."

"வணக்கம் சொல்லலையே."

அது சரி. 'வணக்கம்' என்று மேலே சேர்த்தேன். மறுபடி முழுவதையும் வாசிக்கச் சொன்னார். இந்த முறை அப்பா பெயரில் வரும் 'ழ'வை மட்டும் இரண்டு தடவை சரிபார்க்கச் சொல்லிவிட்டு, "அனுப்பு" என்றார்.